பிரஷர் மாத்திரைகளை அட்டவணையில் அடுக்குவது எப்படி?

உயர் இரத்த அழுத்தத்துக்கு மருத்துவர்கள் எழுதித் தரும் மாத்திரைகளில் பெரும்பாலானவை ஐந்து வகுப்புகளுக்குள் அடங்கிவிடும். ஏஸ் தடுப்பான்கள், ஆஞ்சியோடென்சின் ஏற்பித் தடுப்பான்கள், பீட்டா தடுப்பான்கள், கால்சியம் வழித் தடுப்பான்கள், தயசைடு வகைச் சிறுநீர் பெருக்கிகள் என்பவையே அவை. மருத்துவம், மருந்தியல், செவிலியம் படிக்கும் மாணவர்கள் இவற்றை ஓர் அட்டவணையில் போட்டுத்தான் மனத்தில் பதிய வைக்கிறார்கள். வகுப்புக்கு ஒரு வரிசை. மருந்து வேலை செய்யும் விதம், பக்கவிளைவு, பயன்பாடு ஆகிய மூன்றுக்கும் தனித்தனிப் பத்தி. இப்படிப் போடப்படும் அட்டவணைகளில் பல தேர்வு முடிந்த மறுவாரமே மறந்துபோகின்றன. மூன்று பத்திகளையும் தனித்தனியாக நிரப்பித் தனித்தனியாக மனப்பாடம் செய்வதே அதற்குக் காரணம். உண்மையில் முதல் பத்தியைச் சரியாக எழுதினால், மற்ற இரண்டிலும் பாதிக்கு மேல் அதிலிருந்தே வந்துவிடும்.

வரிசைகளைப் பிரிக்க மருந்தின் மூலப்பெயரே போதும். மாத்திரை அட்டையில் கம்பெனி வைத்த பெயரும் இருக்கும். மூலப்பெயர் அதிலிருந்து வேறு. எனலாபிரில், ராமிபிரில் போல ‘பிரில்’ என்று முடிந்தால் ஏஸ் தடுப்பான். லோசார்டான், டெல்மிசார்டான் போல ‘சார்டான்’ என்று முடிந்தால் ஏற்பித் தடுப்பான். அட்டெனோலால், மெட்டோப்ரோலால் போன்றவை பீட்டா தடுப்பான்கள். அம்லோடிபின், நிஃபெடிபின் போல ‘டிபின்’ என்று முடிபவை கால்சியம் வழித் தடுப்பான்கள். ஒரே மாத்திரையில் இரண்டு மருந்து சேர்ந்திருந்தால் அது இரண்டு வரிசைகளில் இடம்பெற வேண்டும். டெல்மிசார்டானும் அம்லோடிபினும் சேர்ந்த மாத்திரை இன்று மிகச் சாதாரணம். அதைச் சாப்பிடுபவர் இரண்டு வரிசைகளின் பக்கவிளைவுகளையும் பார்த்தாக வேண்டும்.

எல்லா வரிசைக்கும் பொதுவாக வரும் எதையும் கட்டத்துக்குள் எழுதக் கூடாது. அழுத்தத்தைக் குறைக்கும் எந்த மருந்தும் அளவு மீறினால் தலைசுற்றலைத் தரும். அதை ஐந்து முறை எழுதினால் வகுப்புகளைப் பிரித்துக் காட்டும் தகவல் அடியில் அமுங்கிவிடும். தலைப்புக்குக் கீழே ஒரு முறை எழுதிவிட்டு, கட்டங்களில் வித்தியாசத்தை மட்டும் நிரப்புவதே சரி. நான்காவதாக ஒரு பத்தியும் தேவை: யாருக்குக் கொடுக்கக் கூடாது என்பது. நோயாளியைக் காப்பாற்றுவது பெரும்பாலும் அந்தப் பத்திதான்.

| வகுப்பு | வேலை செய்யும் விதம் | தனித்த பக்கவிளைவு | அழுத்தம் தவிர்த்த பயன் | கூடாத இடம் |
|---|---|---|---|---|
| பிரில் | ஏஸ் நொதியைத் தடுக்கும் | வறட்டு இருமல், பொட்டாசியம் உயர்வு | இதயச் செயலிழப்பு, சர்க்கரை நோயால் வரும் சிறுநீரகப் பாதிப்பு | கர்ப்பம் |
| சார்டான் | ஆஞ்சியோடென்சின் 2 அமரும் ஏற்பியை அடைக்கும் | பொட்டாசியம் உயர்வு | மேலதே | கர்ப்பம் |
| டிபின் | தமனிச் சுவர்த் தசையைத் தளர்த்தும் | கணுக்கால் வீக்கம் | நெஞ்சுவலி | மிகக் குறைந்த அழுத்தம் |
| வெரபமில், டில்டியாசெம் | இதயத் துடிப்பையும் மட்டுப்படுத்தும் | துடிப்புக் குறைவு, மலச்சிக்கல் | தாறுமாறான வேகத் துடிப்பு | பீட்டா தடுப்பானோடு சேர்த்து |
| பீட்டா தடுப்பான் | அட்ரினலின் இதயத்தைத் தூண்டாமல் தடுக்கும் | துடிப்புக் குறைவு, களைப்பு | நெஞ்சுவலி, மாரடைப்புக்குப் பின் | ஆஸ்துமா |
| தயசைடு | சிறுநீரில் உப்பை வெளியேற்றும் | சோடியம், பொட்டாசியம் குறைவு; யூரிக் அமில உயர்வு | கால்சியம் சிறுநீரகக் கல் | கௌட் மூட்டுவலி |

முதல் இரண்டு வரிசைகளை ஒப்பிட்டாலே அட்டவணையின் பலம் புரியும். சிறுநீரகத்துக்கு இரத்த வரத்து குறைந்தால் அது ரெனின் என்ற பொருளைச் சுரக்கிறது. ரெனினால் இரத்தத்தில் ஆஞ்சியோடென்சின் 1 உருவாகிறது. அதை ஏஸ் என்ற நொதி ஆஞ்சியோடென்சின் 2 ஆக மாற்றுகிறது. இரத்தக் குழாய்களைச் சுருக்குவதும், ஆல்டோஸ்டீரோனைத் தூண்டி உடலில் உப்பைத் தேக்குவதும் இந்த இரண்டாவது பொருள்தான். பிரில் மருந்து நொதியையே தடுக்கிறது. சார்டான் நொதியைத் தொடுவதில்லை. உருவான ஆஞ்சியோடென்சின் 2 போய் உட்காரும் ஏற்பியை அடைத்துவிடுகிறது. இரண்டிலும் ஆல்டோஸ்டீரோன் குறைவதால் இரண்டிலும் பொட்டாசியம் ஏறும். வளரும் கருவின் சிறுநீரகத்துக்கு இந்த அமைப்பு தேவை என்பதால், இரண்டுமே கர்ப்பத்தில் கூடாது.

அப்படியானால் இருமல் மட்டும் ஏன் ஒரு வரிசையில் நிற்கிறது? ஏஸ் நொதிக்கு இன்னொரு வேலையும் உண்டு. பிராடிகைனின் என்ற பொருளைச் சிதைப்பதும் அதுதான். நொதியைத் தடுத்தால் பிராடிகைனின் மூச்சுக்குழாயில் தேங்கி அங்குள்ள நரம்புகளை உறுத்துகிறது. இந்தத் தொடர்பு மருந்தின் பிறப்பிலேயே இருந்தது. பிரேசிலின் ஜரராக்கா விரியன் பாம்பின் நஞ்சு, பிராடிகைனினின் செயலை வலுப்படுத்துகிறது என்று 1965இல் செர்ஜியோ ஃபெரெய்ரா காட்டினார். அந்த நஞ்சிலிருந்து தொடங்கிய ஆய்வுதான் முதல் பிரில் மாத்திரையான கேப்டோபிரிலில் முடிந்தது. அமெரிக்காவில் அது 1981இல் அனுமதி பெற்றது.

ஐம்பத்தைந்து வயதுக்காரர் ஒருவர் எனலாபிரில் 5 மி.கி. சாப்பிடத் தொடங்கியதாகக் கொள்வோம். மூன்றாவது வாரத்தில் தொண்டையில் அரிப்போடு இருமல் ஆரம்பிக்கிறது. சளி இல்லை, காய்ச்சல் இல்லை, இரவில் படுத்தால் கூடுகிறது. மருந்துக்கடையில் இருமல் டானிக் வாங்குகிறார், பலன் இல்லை. ஆன்டிபயாடிக் சாப்பிடுகிறார்; அதிலும் பலன் இல்லை. மார்பு எக்ஸ்ரேயில் குறை எதுவும் தெரியவில்லை. பிரில் வரிசையைப் பார்த்தவருக்கு இங்கே குழப்பமே இல்லை. மருத்துவர் எனலாபிரிலை நிறுத்தி லோசார்டானுக்கு மாற்றுவார். இருமல் பொதுவாக ஒன்றிலிருந்து நான்கு வாரங்களுக்குள் நின்றுவிடும். சிலருக்கு மூன்று மாதம்வரை இழுப்பதும் உண்டு. மாற்றிய நான்காம் நாளே ‘இன்னும் நிற்கவில்லையே, காரணம் வேறோ’ என்று முடிவுகட்டுவது தவறு. பொட்டாசியம் பரிசோதனையைக் கைவிடவும் கூடாது. அந்தக் கட்டம் இரண்டு வரிசைகளிலும் ஒன்றுதான்.

கணுக்கால் வீக்கம் இதைவிட அதிகமாக ஏமாற்றும். அம்லோடிபின் சாப்பிடுபவருக்கு மாலையில் செருப்பு இறுகும். காலை அழுத்தினால் குழி விழும். உடலில் நீர் கோத்துக்கொண்டது என்று நினைத்து ஒரு சிறுநீர் பெருக்கியைச் சேர்ப்பது அடிக்கடி நடக்கிறது. ஆனால் முதல் பத்தி வேறு கதை சொல்கிறது. அம்லோடிபின் தமனி நுனிகளை நன்றாக விரிக்கும். சிரைகளை அந்த அளவுக்கு விரிப்பதில்லை. உள்ளே வரும் வாசல் அகன்று, வெளியேறும் வாசல் அப்படியே இருப்பதால், நடுவிலுள்ள நுண்குழாய்களில் அழுத்தம் கூடி நீர் திசுக்களுக்குள் கசிகிறது. உடலின் மொத்த நீர் கூடியதால் வந்த வீக்கம் அல்ல இது; அதனால்தான் சிறுநீர் பெருக்கிக்கு அவ்வளவாக மசிவதில்லை. நோயாளிக்கோ புதிதாகச் சோடியம் குறைவும் பொட்டாசியம் குறைவும் வந்து சேரும். ஒரு பக்கவிளைவைப் புது நோயாக எடுத்துக்கொண்டு, அதற்கு இன்னொரு மருந்தைக் கொடுக்கும் சங்கிலி இப்படித்தான் தொடங்குகிறது. அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.க்குக் குறைப்பதோ, சிரைகளையும் விரிக்கக்கூடிய பிரில் அல்லது சார்டானைச் சேர்ப்பதோ பலன் தரும். ஒரு கால் மட்டும் வீங்கினாலும், வீக்கத்தோடு மூச்சிரைப்பு இருந்தாலும் காரணம் வேறாக இருக்கலாம். அதை அட்டவணையை வைத்துத் தீர்மானிக்க முடியாது. உடனே மருத்துவரிடம் போக வேண்டும்.

கால்சியம் வழித் தடுப்பான்களை ஒரே வரிசையில் அடைப்பது பாடநூல் அட்டவணைகளில் அடிக்கடி காணப்படும் ஆபத்தான சுருக்கம். டிபின்கள் இரத்தக் குழாயில் வேலை செய்கின்றன. வெரபமிலும் டில்டியாசெமும் இதயத்தின் மின்கடத்தலையும் தாமதப்படுத்துகின்றன. அட்டெனோலால் சாப்பிடுபவருக்கு அம்லோடிபினைச் சேர்ப்பது வழக்கமான சிகிச்சை. அதே இடத்தில் வெரபமிலைச் சேர்த்தால் இதயத் துடிப்பு அபாயகரமாக இறங்கிவிடக்கூடும். ஒரே வகுப்பு என்ற பெயர் இந்த வேறுபாட்டை மறைத்துவிடும் என்பதால்தான் மேலே அது இரண்டு வரிசையாக உடைக்கப்பட்டிருக்கிறது.

பீட்டா தடுப்பான் வரிசையில் ஆஸ்துமா இடம்பெற்ற காரணமும் முதல் பத்தியிலேயே இருக்கிறது. அட்ரினலின் அமரும் பீட்டா ஏற்பிகள் இதயத்திலும் உண்டு, மூச்சுக்குழாயிலும் உண்டு. ப்ரோப்ரனலால் இரண்டையும் அடைக்கும். அட்டெனோலால் பெரும்பாலும் இதயத்தில் உள்ளதை அடைக்கும். ஆனால் அளவு ஏறினால் அந்தப் பாகுபாடு மங்கிவிடும். இன்சுலின் போட்டுக்கொள்ளும் சர்க்கரை நோயாளிக்கு இந்த வரிசையில் இன்னொரு செய்தியும் உண்டு. சர்க்கரை தாழும்போது எச்சரிக்கும் படபடப்பையும் கைநடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடக்கூடும். வியர்வை மட்டும் வரும், ஏனென்றால் அது வேறு ஏற்பியின் வழியாக நடப்பது. திடீரென்று வியர்த்தால் சர்க்கரையைப் பார்த்துவிட வேண்டும் என்பதை அவரிடம் சொல்லி வைப்பது அவசியம்.

தயசைடு வரிசையில் கவனிக்க ஒன்றுதான் உண்டு. அது சிறுநீரில் கால்சியம் போவதைக் குறைக்கிறது. இரத்தத்தில் கால்சியம் ஏற்கெனவே கூடுதலாக உள்ளவருக்கு அது பக்கவிளைவு. கால்சியம் கல் மறுபடி மறுபடி வருபவருக்கு அதுவே சிகிச்சை. ஒரே செயல் ஆளைப் பொறுத்து இரண்டு பத்திகளில் ஏதோ ஒன்றில் போய் நிற்கிறது.

எல்லாப் பக்கவிளைவும் வேலை செய்யும் விதத்திலிருந்து வருவதில்லை. கேப்டோபிரில் சிலருக்கு நாக்கின் ருசியைக் கெடுக்கிறது. அந்த மூலக்கூறில் உள்ள கந்தகப் பகுதியையே அதற்குக் காரணமாகச் சொல்கிறார்கள். இத்தகையவற்றை வேறு நிற மையில் எழுதுவது நல்லது. ஊகித்துக் கண்டுபிடிக்க முடியாத அவற்றைத்தான் மனப்பாடம் செய்ய வேண்டும்.

மருந்தை நிறுத்தும் முறை இந்த அட்டவணையின் எந்தப் பத்தியிலும் இல்லை. நீண்ட நாள் பீட்டா தடுப்பான் சாப்பிடுபவரின் உடல், அடைபட்ட ஏற்பிகளுக்கு ஈடாக இன்னும் பல ஏற்பிகளை உருவாக்கி வைத்திருக்கும். மாத்திரையைத் திடீரென்று நிறுத்தினால் அத்தனையும் ஒன்றாக அட்ரினலினுக்குத் திறந்துகொள்ளும். இதய நோயாளிக்கு நெஞ்சுவலியும் மாரடைப்பும்கூட வரலாம். அதனால் மருத்துவர்கள் அதை ஒன்றிரண்டு வாரங்களில் படிப்படியாகக் குறைத்தே நிறுத்துகிறார்கள். தங்கள் மாத்திரையை இந்த அட்டவணையில் அடையாளம் கண்டவர்கள், எதையும் தாங்களாக நிறுத்தாமல், கண்டதை மருத்துவரிடம் சொல்லி மாற்றிக்கொள்ளுங்கள்.