பத்துப் புளியங்கொட்டையும் ஒரு ரூபாய் வட்டியும்

ஒரு ரூபாய் வட்டி அதிகமா, ஒன்றரை ரூபாய் வட்டி அதிகமா? இப்படிக் கேட்டால் யாரும் சிரிப்பார்கள். தமிழ்நாட்டில் ஒரு சமுதாய வானொலியில் மகளிர் சுய உதவிக் குழுக்களுக்காக ஒலிபரப்பாகும் நாடகத் தொடரின் ஒரு பகுதி இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. பதினைந்து நிமிடம் கழித்து, கேட்டவர்கள் சிரிப்பை நிறுத்தியிருப்பார்கள்.

இந்தியாவில் சுய உதவிக் குழுக்களை வங்கிகளோடு இணைக்கும் திட்டத்தை நபார்டு வங்கி 1992-ஆம் ஆண்டு தொடங்கியது. பத்து முதல் இருபது பெண்கள் ஒரு குழுவாகச் சேர்கிறார்கள். மாதாமாதம் சிறு தொகை சேமிக்கிறார்கள். அந்தப் பணத்திலிருந்தே தங்களுக்குள் கடன் கொடுத்து வாங்குகிறார்கள். சில மாதங்கள் கணக்கு ஒழுங்காக நடந்தால், குழுவின் பெயரில் வங்கிக் கடனும் கிடைக்கும். ஆனால் அதே தெருவுக்குத் தனியார் நிதி நிறுவனத்தின் ஆளும் வருகிறார். கையில் வட்டி அட்டவணை, வாயில் இனிப்பான பேச்சு. தொடரின் கதை இந்த இரண்டுக்கும் நடுவில்தான் ஓடுகிறது.

கதாபாத்திரங்கள் இருவர்: பாக்கியம், செல்வி. பக்கத்துப் பக்கத்து வீடு, நடுவே ஒரு வேலி. பேச்சு முழுவதும் அந்த வேலியோரத்தில்தான்.

செல்விக்குத் தையல் இயந்திரம் வாங்கப் பத்தாயிரம் ரூபாய் வேண்டும். குழுவில் வட்டி நூற்றுக்கு மாதம் ஒன்றரை ரூபாய். நிதி நிறுவனத்துக்காரர் ஒரு ரூபாய்தான் என்கிறார். இரண்டுமே பத்து மாதத் தவணை. "அங்கேயே வாங்கிடறேங்க்கா" என்கிறாள் செல்வி. பாக்கியம் பத்துப் புளியங்கொட்டைகளை எடுத்து வருகிறாள். ஒரு கொட்டை ஆயிரம் ரூபாய்.

முதல் மாதத் தவணையில் ஆயிரம் ரூபாய் அசலைத் திருப்பிக் கொடுத்தாகிவிட்டது. ஒரு கொட்டை சொம்புக்குள் விழுகிறது. 'டிங்' என்ற ஓசை. செல்வியிடம் இப்போது மிச்சம் ஒன்பது கொட்டை. குழு அடுத்த மாதம் அந்த ஒன்பதுக்கு மட்டுமே வட்டி கேட்கிறது. நிறுவனத்துக்காரர் பத்துக்கும் கேட்கிறார். மாதங்கள் ஓடுகின்றன, சொம்பில் ஓசை கேட்டுக்கொண்டே இருக்கிறது. கடைசி மாதம் செல்வியிடம் இருப்பது ஒரே கொட்டை. நிறுவனத்துக்காரர் அப்போதும் பத்துக்குத்தான் வட்டி கேட்கிறார்.

"நான் திருப்பிக் குடுத்துட்ட காசுக்கு நான் ஏங்க்கா வட்டி கட்டணும்?"

தொடரின் அச்சாணி இந்த ஒரு வரிதான். இதைப் பாக்கியம் சொல்வதில்லை, செல்வியே கண்டுபிடித்துக் கேட்கிறாள். கேட்பவரும் அதே நொடியில் கண்டுபிடிக்கிறார்.

கணக்கைப் பார்ப்போம். நிறுவனத்தில் மாதம் நூறு ரூபாய் வட்டி, பத்து மாதத்துக்கு ஆயிரம் ரூபாய். குழுவில் முதல் மாதம் நூற்றைம்பது ரூபாய், அடுத்த மாதம் நூற்று முப்பத்தைந்து, இப்படிக் குறைந்துகொண்டே போய்க் கடைசி மாதம் பதினைந்து ரூபாய். கூட்டினால் 825 ரூபாய். ஒன்றரை ரூபாய் வட்டி, ஒரு ரூபாய் வட்டியைவிட 175 ரூபாய் மலிவு! குழுவுக்குக் கட்டிய அந்த 825 ரூபாயும் குழுவின் பொது நிதியில்தான் சேருகிறது. அதில் செல்விக்கும் பங்கு உண்டு.

முதல் வகையை நிலையான வட்டி என்றும், இரண்டாவதைக் குறையும் நிலுவைக்கான வட்டி என்றும் சொல்வார்கள். நம் ஊரில் கார் கடன் வாங்கியவர்களுக்கு முதல் வகை பழக்கமானது. நீண்டகாலமாகக் கார் கடன்களுக்கு இப்படித்தான் வட்டி கணக்கிட்டு வந்திருக்கிறார்கள். வீட்டுக் கடன் இரண்டாவது வகை. ஆகவே இரண்டின் விழுக்காட்டையும் அருகருகே வைத்து ஒப்பிடுவது சரியாக வராது.

இதை வானொலியில் சொல்வது எளிதல்ல. கரும்பலகை கிடையாது. கேட்பவர் பக்கத்தைப் பின்னால் புரட்டிப் பார்க்கவும் முடியாது. அடுப்பில் குழம்பு கொதிக்கும்போது காதில் ஒரே நேரத்தில் இரண்டு எண்கள் நிற்கும், மூன்றாவது வந்தால் முதலாவது போய்விடும். அதனால்தான் விழுக்காடு என்ற சொல்லே உரையாடலில் வருவதில்லை. பத்தாயிரம், பத்து மாதம் என்று முழு எண்களாகவே வைத்திருக்கிறார்கள். கழித்தலைச் சொம்பின் ஓசை செய்துவிடுகிறது.

வேலியோரப் பேச்சுக்கும் காரணம் இருக்கிறது. அதிகாரி ஒருவர் வந்து விளக்கினால் கேட்பவர் தலையாட்டுவார், சந்தேகம் கேட்கமாட்டார். செல்வி கேட்கலாம், தப்பாகவும் கேட்கலாம். பாக்கியத்துக்கும் எல்லாம் தெரியாது. பிடித்தக் கணக்கு வரும் பகுதியில் அவளே தடுமாறுகிறாள். பத்தாயிரம் கடன் என்று எழுதிக்கொண்டு, ஆவணக் கட்டணம், காப்பீடு என முன்னூறு ரூபாயைக் கழித்துக்கொண்டு 9,700 ரூபாயைக் கையில் கொடுக்கிறார்கள். அப்போது இருவரும் சேர்ந்து ஒரு வழி கண்டுபிடிக்கிறார்கள். வட்டியைப் பற்றிக் கேட்கவே வேண்டாம். கைக்கு வந்தது எவ்வளவு, மாதம் கட்டுவது எவ்வளவு, எத்தனை மாதம்? இந்த மூன்றும் போதும். 1,100 ரூபாய் வீதம் பத்து மாதம் என்றால் 11,000. கைக்கு வந்தது 9,700. கடனின் உண்மையான விலை 1,300 ரூபாய்.

இந்த மூன்று கேள்விகளுக்கும் எழுத்தில் பதில் கேட்க இந்தியாவில் உரிமை உண்டு. நுண்கடன் தரும் நிறுவனம், கட்டணங்கள் அனைத்தையும் காட்டும் விவரத்தாளைக் கடன் வாங்குபவருக்குப் புரியும் மொழியில் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2022-இல் விதி வகுத்தது.

அடுத்து வரும் பகுதிகள் குழுக் கடனைப் பற்றியவை. அங்கே கதை கனக்கிறது. பன்னிரண்டு பேர் குழு, வங்கிக் கடன் 1,20,000 ரூபாய், ஆளுக்குப் பத்தாயிரம். நான்காம் மாதம் ஒருத்தி தவணை கட்டவில்லை. வங்கியின் ஏட்டில் அவள் பெயரில் தனிக்கணக்கு இல்லை, குழுவின் கணக்கு ஒன்றுதான். பாக்கி பன்னிரண்டு பேருக்கும் பாக்கிதான். வாசலில் போய் நின்று கேட்க வேண்டியவர்களும் அடுத்த வீட்டுப் பெண்களே.

தொடர் இதைப் பூசி மெழுகவில்லை. கட்டாதவள் ஏமாற்றுக்காரி அல்ல. கடன் பணத்தை நாத்தனாருக்குக் கொடுத்துவிட்டாள், அங்கிருந்து திரும்பி வரவில்லை. பாக்கியம் ஓர் அடையாளத்தைச் சொல்கிறாள்: "மூணு கூட்டமா பணம் வருது, ஆளைக் காணோம்." தவணையை இன்னொருவர் கையில் கொடுத்தனுப்புவதுதான் முதல் அறிகுறி. ஒரு கடனைக் கட்ட இன்னொரு கடன் வாங்குவது அடுத்தது. இரண்டாவதைக் குழு கவனிப்பதற்குள் பல நேரம் காலம் கடந்துவிடும்.

குழு எடுக்கும் முடிவு இதுதான். ஆளுக்கு மாதம் இருநூறு வீதம் சேர்த்துவரும் சேமிப்பிலிருந்து அவளுடைய தவணையைக் கட்டுகிறார்கள். ஆனால் அதை உதவியாக விட்டுவிடாமல், அவள் பெயரில் கடனாகப் பதிவேட்டில் எழுதுகிறார்கள். எழுதாமல் விட்டால் அடுத்த மாதம் இன்னும் இருவர் கட்டமாட்டார்கள். அவளைத் திட்டி விலக்கினால், கடன் மற்றப் பதினொரு பேர் தலையில் நிற்கும்.

வானொலியால் முடியாதது ஒன்று உண்டு. செல்வியின் கணக்கு சரியாக வந்தது என்பதால் கேட்பவரின் கணக்கு சரியாகிவிடாது. அதனால் ஒவ்வொரு பகுதியும் ஒரு வேலையோடு முடிகிறது. வட்டிப் பகுதியின் முடிவில் பாக்கியம் கேட்கிறாள்: "உன் கடன் அட்டையை எடுத்துட்டு வா. கடைசி மாசத் தவணையில வட்டி எவ்வளவுன்னு போட்டிருக்கு பாரு." அது முதல் மாத வட்டியும் ஒன்றாகவே இருந்தால், புளியங்கொட்டை பத்தும் இன்னும் அவர்கள் கணக்கில்தான் இருக்கிறது.