எண்ணெய் இல்லாத தொட்டியும் வெடிக்கும்

பழைய கப்பலை உடைப்பதில் உயிரைப் பறிக்கும் இடங்கள் பல. உயரத்திலிருந்து விழும் இரும்புத் தகடு, அறுந்து வீசும் கம்பி வடம், காற்றில்லாத அறை என்று அவை நீளும். ஆனால் ஒரே நொடியில் பலரைக் கொல்வது பெரும்பாலும் எண்ணெய்த் தொட்டிதான். அதுவும் எண்ணெய் நிரம்பிய தொட்டியைவிட, எண்ணெயை இறைத்து வெளியேற்றிவிட்டு 'காலி' என்று எழுதிவைத்த தொட்டியே மோசமானது.

பாகிஸ்தானின் பலூசிஸ்தான் கடற்கரையில் உள்ள கடானியில் 2016 நவம்பர் 1 அன்று நடந்தது இதுதான். 'ஏசஸ்' என்ற பழைய எண்ணெய்க் கப்பல் அங்கே உடைப்புக்காகக் கரையேற்றப்பட்டிருந்தது. தொட்டிகளில் எஞ்சியிருந்த எண்ணெயும் கசடும் முழுமையாக அகற்றப்படும் முன்பே கேஸ் கட்டிங் வேலை தொடங்கியது. வெடிப்பிலும் அதைத் தொடர்ந்த தீயிலும் குறைந்தது 26 தொழிலாளர்கள் இறந்தனர். தீ நாள்கணக்கில் எரிந்தது. சில வாரங்களில், 2017 ஜனவரியில், அதே கடானியில் எல்பிஜி ஏற்றிச்சென்ற ஒரு கப்பலில் தீப்பிடித்து மேலும் 5 பேர் இறந்தனர்.

காலித் தொட்டி ஏன் வெடிக்கிறது? எரிவது எண்ணெய் அல்ல, அதிலிருந்து எழும் ஆவி. கச்சா எண்ணெயின் ஆவி காற்றில் ஏறக்குறைய 1 சதவீதம் முதல் 10 சதவீதம் வரை கலந்திருக்கும்போதுதான் தீப்பற்றும். அதற்குக் குறைந்தால் எரிய ஆவி போதாது. மிஞ்சினால் எரிய ஆக்சிஜன் போதாது. எண்ணெய் இறைக்கப்பட்ட தொட்டியில் ஆவி பெரும்பாலும் மேல் எல்லையைத் தாண்டி நிற்கிறது. மூடியிருக்கும்வரை அது பற்றுவதில்லை. மூடியைத் திறந்து காற்றை உள்ளே விட்டால் ஆவி நீர்த்துக்கொண்டே வந்து, வெடிக்கக்கூடிய இடைப்பட்ட நிலையைக் கடந்தாக வேண்டும். அந்த நேரத்தில் ஒரு தீப்பொறி போதும். காற்றோட்டம் விடத் தொடங்கிய தொட்டி சில மணி நேரத்துக்கு முன்னைவிட ஆபத்தானதாக மாறுவது இதனால்தான். காற்று புக வழிவேண்டும் என்று தொட்டியின் சுவரிலேயே நெருப்பால் ஓட்டை போடுவது பெருந்தவறு. முதல் திறப்பு, ஏற்கெனவே இருக்கும் ஆள் இறங்கும் மூடிகளின் வழியாகத்தான் இருக்க வேண்டும்.

தொட்டியிலிருந்து ஆவியை அகற்றுவதைத் தளங்களில் 'கேஸ் ஃப்ரீ' செய்வது என்கிறார்கள். எண்ணெயை இறைத்து, சுவர்களைக் கழுவி, அடியில் தங்கும் கசடை வாரியெடுத்து, விசிறிகளால் புதுக்காற்றைச் செலுத்துவது அதன் வரிசை. இதில் பாடுபடுத்துவது கசடுதான். அது தொட்டியின் தரையில் மட்டும் இருப்பதில்லை. துருப்பொருக்குகளுக்கு அடியிலும், தரைச் சட்டங்களின் மூலைகளிலும், சூடாக்கும் குழாய்ச் சுருள்களைச் சுற்றியும், இறைக்கும் குழாய்களின் உள்ளேயும் ஒட்டிக்கிடக்கும். குளிர்ந்திருக்கும்போது அதிலிருந்து ஆவி அதிகம் வராது. வாயுமானியும் நல்ல அளவையே காட்டும். வெட்டும் நெருப்பு தகட்டைச் சூடாக்கியதும் அதே கசடு ஆவியைக் கக்கத் தொடங்கும். காலையில் பாதுகாப்பாக இருந்த தொட்டி, வேலை செய்வதாலேயே மதியத்தில் வெடிக்கத் தயாராகிவிடுகிறது. கனமான எரிபொருள் எண்ணெய் சாதாரண வெப்பத்தில் எளிதில் பற்றாது என்ற நம்பிக்கையும் இப்படித்தான் ஏமாற்றுகிறது.

ஆகவே சோதனை ஒருமுறை செய்து முடிப்பதல்ல. முதலில் அளக்கவேண்டியது ஆக்சிஜன். அது சாதாரணக் காற்றில் உள்ள 21 சதவீதத்தை ஒட்டி இருக்க வேண்டும். குறைந்தால் உள்ளே இறங்குபவர் சில மூச்சுகளிலேயே மயங்கி விழக்கூடும். வேறொரு காரணமும் உண்டு. தீப்பற்றும் வாயுவை அளக்கும் பரவலான மானிகள் ஆவியைச் சிறிதளவு எரித்தே கணக்கிடுகின்றன. ஆக்சிஜன் குறைந்தால் அவை தவறாகக் குறைத்துக் காட்டும். ஆக்சிஜனை அளக்காமல் வாயுமானியை மட்டும் நம்புவது கண்ணைக் கட்டிக்கொண்டு நடப்பதுதான். எண்ணெய் ஆவி காற்றைவிடக் கனமானது. அதனால் மேலே, நடுவே, அடியில் என மூன்று உயரங்களிலும் அளக்க வேண்டும். நெருப்பு வேலைக்கு அனுமதி கொடுக்க, ஆவி அதன் கீழ் எரியெல்லையில் 1 சதவீதத்துக்கும் குறைவாக இருக்க வேண்டும் என்பது எண்ணெய்க் கப்பல் துறையின் கண்டிப்பான விதி. அதாவது தொட்டிக் காற்றில் ஏறக்குறைய பத்தாயிரத்தில் ஒரு பங்குக்கும் கீழே.

ஆள் இறங்கலாம் என்ற சான்று வேறு. நெருப்பு வேலை செய்யலாம் என்ற சான்று வேறு. முதலாவதைக் காட்டி இரண்டாவது வேலையைத் தொடங்குவது கொலைக்குச் சமம். எந்தச் சான்றும் குறிப்பிட்ட இடத்துக்கும் நேரத்துக்கும் மட்டுமே செல்லும். பக்கத்துத் தொட்டி சோதிக்கப்படாமல் இருந்தால், நடுவிலுள்ள சுவரை வெட்டும் சூடு மறுபுறத்துக் கசடைத் தொட்டுவிடும். இடைவேளைக்குப் பின்னும், மறுநாள் காலையும் மீண்டும் அளக்க வேண்டும்.

வெட்டும் கருவியே தனியொரு ஆபத்து. இந்தியத் தளங்களில் பெரும்பாலும் எல்பிஜியும் ஆக்சிஜனும் பயன்படுகின்றன. சுடர் இரும்பை ஏறக்குறைய 900 டிகிரி வரை சூடாக்கியதும், தூய ஆக்சிஜனின் பீச்சு அந்த இரும்பையே எரித்து வழிவிடுகிறது. உருகிய இரும்புத் துளிகள் கீழ்த்தளங்களுக்குச் சிதறி விழுகின்றன. வெட்டுபவர் கண்ணுக்குத் தெரியாத இடத்தில் தீ மூளும். சாப்பிடப் போகும்போது ரப்பர் குழாயைத் தொட்டிக்குள்ளேயே விட்டுச்செல்வது இன்னொரு பழக்கம். எல்பிஜி கசிந்தால் கனத்தால் அடியில் தேங்கும். ஆக்சிஜன் கசிந்தால் மணமே இருக்காது. ஆனால் அது மிகுந்த காற்றில் பருத்தி உடை ஒரு பொறியில் பற்றிக்கொள்ளும். இடைவேளைதோறும் குழாயை வெளியே எடுத்துவிட வேண்டும். சுடர் பின்னோக்கிப் பாய்வதைத் தடுக்கும் அடைப்புகள் கைப்பிடியிலும் சிலிண்டரிலும் இருந்தாக வேண்டும்.

ஆஸ்பெஸ்டாஸ் எனும் கல்நாரின் ஆபத்து ஓசையில்லாதது. கொதிகலன், நீராவிக் குழாய், புகைபோக்கி ஆகியவற்றின் வெப்பக் காப்புறையிலும், குழாய் இணைப்புகளின் கேஸ்கட்டிலும், மாலுமிகளின் அறைச் சுவர்ப் பலகைகளிலும் அது இருக்கிறது. கப்பல்களில் புதிதாக அதைப் பொருத்துவதற்கு முழுத் தடை வந்தது 2011 ஜனவரி 1 முதல்தான். இப்போது உடைப்புக்கு வருபவை பெரும்பாலும் அதற்கு முன் கட்டியவை. உலர்ந்த காப்புறையை அடித்துப் பிய்த்தால் கண்ணுக்குத் தெரியாத இழைகள் நுரையீரலில் தங்கிவிடும். நுரையீரல் உறைப் புற்றுநோய் வெளிப்படப் பொதுவாக 20 முதல் 40 ஆண்டுகள், சிலருக்கு அதற்கு மேலும் ஆகும். புலம்பெயர்ந்து வந்த கூலித் தொழிலாளி அதற்குள் ஊர் திரும்பியிருப்பார். நோய் எங்கிருந்து வந்தது என்று எந்தப் பதிவேடும் சொல்லாது. கேஸ் கட்டிங் தொடங்கும் முன்பே, மூடிய இடத்தில், நீரால் நனைத்து, உரிய சுவாசக் கவசத்துடன் அகற்றி, இரட்டைப் பைகளில் கட்டுவதே முறை. துணியால் மூக்கைக் கட்டுவது எதையும் தடுக்காது.

2009-இல் ஏற்கப்பட்ட ஹாங்காங் உடன்படிக்கை 2025 ஜூன் 26 அன்றுதான் நடைமுறைக்கு வந்தது. கப்பலில் உள்ள அபாயப் பொருள்களின் பட்டியலையும், ஆள் இறங்கவும் நெருப்பு வேலைக்கும் தனித்தனியாகப் பாதுகாப்பை உறுதிசெய்யும் முறைகளையும் அது கட்டாயமாக்குகிறது. இந்தியா 2019-இல் தனிச் சட்டமே இயற்றியிருக்கிறது. இனி அதைக் காப்பது தளத்தில் மானியைப் பிடிக்கும் பொறுப்பாளரின் கையில் இருக்கிறது. அளவு சரியில்லை என்றால் அன்றைய வேலையை நிறுத்தும் அதிகாரம் அவருக்கு இருக்க வேண்டும்; அதற்காக அவர் வேலையை இழக்கக் கூடாது.