படகடி வாசகர்கள் – 12: முடிவைச் சொல்லாமல் ஒரு விமர்சனம்

கொலைக் கதையைப் பற்றி எழுதுவதில் ஒரு தொல்லை உண்டு. நமக்கு எந்த இடம் பிடித்ததோ அதைத்தான் சொல்லக் கூடாது.

பட்டினச்சேரியிலிருந்து காரைக்காலுக்குக் கல்லூரி போய்வரும் பெண் ஒருத்தி, ஆண்டு மலருக்காக சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ பற்றி ஒரு பக்கம் எழுதி எடுத்து வந்திருந்தாள். 1968-இல் குமுதத்தில் தொடராக வந்தது. சுஜாதாவின் முதல் நாவல். வக்கீல் கணேஷ் முதன்முதலாகத் தலைகாட்டியதும் இதில்தான். வசந்த் அப்போது பிறக்கவே இல்லை.

கொலையாளியின் பெயரை அவள் எங்கும் எழுதவில்லை. ஆனாலும் கதை கசிந்துகொண்டிருந்தது. ‘யாரும் நினைத்தே பார்க்காத ஆள்’ என்று ஒரு வரி. அது இந்த நாவலுக்குப் பொருந்துமா என்று நானும் இங்கே சொல்லப்போவதில்லை. ஆனால் அதைப் படித்துவிட்டுப் புத்தகத்தைத் திறப்பவன் என்ன செய்வான்? முழிக்கிற ஆட்களை விட்டுவிட்டு, சாதுவாக இருப்பவர்களையே முறைத்துக்கொண்டிருப்பான். இன்னொரு பாத்திரத்துக்கு மட்டும் ஐந்து வரி ஒதுக்கியிருந்தாள். அதுவும் காட்டிக்கொடுக்கிற வேலைதான். புத்தகத்தில் ஓர் ஆளுக்கு எவ்வளவு இடமோ, விமர்சனத்திலும் அந்த அளவோடு நிறுத்த வேண்டும்.

“அப்ப எதைத்தான் சார் எழுதறது?” என்றாள்.

தொடக்கத்திலேயே வாசகனுக்குத் தெரிந்துவிடுவதை எழுதலாம். பம்பாயில் கிருஷ்ணன் என்பவன் நைலான் கயிற்றால் கொல்லப்படுகிறான்; போலீஸ் விசாரிக்கிறது; இடையிடையே சுனந்தா என்ற பெண்ணின் டயரி வருகிறது. டயரி இருக்கிறது என்று சொல்லலாம். அதற்கும் கொலைக்கும் என்ன முடிச்சு என்பதைத் தொடக் கூடாது. ஆனால் இந்த ஏற்பாடு வாசகனை என்ன செய்கிறது என்று தாராளமாகப் பேசலாம். போலீஸ்காரர் கையில் இல்லாத ஒரு காகிதம் நம் கையில் இருக்கிறது. அதை எங்கே பொருத்துவது என்றுதான் தெரியவில்லை. நாவலின் சுவாரசியமே இந்தத் தவிப்பில்தான் இருக்கிறது.

லண்டனில் 1952 முதல் நடந்துவரும் அகதா கிறிஸ்டியின் ‘மவுஸ்ட்ராப்’ நாடகத்தில், குற்றவாளி யாரென்று வெளியே சொல்ல வேண்டாம் என்று பார்வையாளர்களையே கேட்டுக்கொள்வார்கள். கல்லூரி மலர் வாசகர்களிடம் அப்படிக் கேட்க முடியாது. விமர்சகர்தான் வாயைக் கட்ட வேண்டும்.

திருத்திய பிரதியில் எனக்குத் தோன்றாத ஒன்றை அவள் சேர்த்திருந்தாள். இன்று பட்டினச்சேரியில் எந்தப் படகிலும் நைலான் கயிறு கிடக்கும். பருத்தி வலையை நனைந்தபடி போட்டு வைத்தால் மக்கிப்போகும், அதனால் தினமும் உலர்த்த வேண்டும் என்று அவள் தாத்தா சொல்வாராம். அந்தக் காலம் அப்போதுதான் முடிந்துகொண்டிருந்தது. ஆகவே 1968-இல் அந்தத் தலைப்பைப் பார்த்தவருக்கு நைலான் என்பது பட்டணத்துப் புதுச் சரக்காகப் பட்டிருக்கும் என்று எழுதியிருந்தாள். கதையில் ஒரு இழைகூட அவிழவில்லை. தலைப்புக்கு மட்டும் வெளிச்சம்.

குறையும் சொல்லியிருந்தாள். வாரத் தொடருக்காக அத்தியாயம்தோறும் வைத்த கொக்கி, ஒரே மூச்சில் படிக்கும்போது உறுத்துகிறதாம். முதல் நாவல்தானே, அதை எடுத்துவிடலாமே என்றேன். எடுக்க மாட்டேன் என்றுவிட்டாள். அப்படியே அச்சுக்குப் போயிற்று.