நாலு பேர் எழுதிய ஓர் அறிக்கை

போன வருஷம் எங்க ஊர் ஏரியைப் பற்றி நாலு பேர் சேர்ந்து ஓர் அறிக்கை எழுதினோம். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், பொதுப்பணித்துறையில் வேலை பார்த்த பெரியவர், கல்லூரி மாணவர், அப்புறம் நான். பழுது பார்க்கச் சொல்லி அலுவலகத்தில் கொடுக்க வேண்டிய மனுவோடு அது போகணும். ஒரே நடையாக்கும் வேலை என் தலையில்.

முதலில் தட்டியது பெயர்கள். உபரி நீர் வழியும் அமைப்பை ஆசிரியர் 'கலங்கு' என்றிருந்தார், பெரியவர் 'வெயர்', மாணவர் 'மறுகால்'. அப்படியே விட்டால் படிக்கிற அதிகாரி அங்கே மூணு கட்டுமானம் இருப்பதாக நினைப்பார். 'கலங்கு' என்று முடிவு செய்தோம். ஆனால் தமிழில் தேடி மாற்றுவது அவ்வளவு லேசில்லை. 'வெயர்' என்று தேடினால் 'வெயரில்', 'வெயரை' எதுவும் சிக்காது, ஏன்னா வேற்றுமை உருபு சேரும்போது புள்ளி போய்விடுகிறது. கடைசிப் புள்ளியை விட்டுத் தேடணும்:

```
grep -n 'வெயர' arikkai.txt
```

(இதே முறையில் 'கலங்க' என்று தேடினால் 'கலங்கிய தண்ணீர்' எல்லாம் வந்து நிற்கும். அதனால் ஒவ்வொன்றாகக் கண்ணால் பார்த்துத்தான் மாற்றினேன்.)

அடுத்து, யார் பேசுவது? ஆசிரியர் 'நாம் கண்டோம்' என்று எழுதியிருந்தார். அதில் படிக்கிற அதிகாரியும் சேர்ந்துவிடுகிறார், அதனால் எல்லாமே 'நாங்கள்' ஆயிற்று. பெரியவர் பகுதியில் 'கரையின் நீளம் அளவிடப்பட்டது' என்றிருந்தது. அதை 'நாங்கள் அளந்தோம்' என்று மாற்றப் போய், சந்தேகத்தில் அவரைக் கேட்டேன். "நான் எங்கப்பா அளந்தேன்? பழைய பதிவேட்டுல இருந்ததுதான்" என்றார். செயப்பாட்டு வினைக்குள் அளந்தவர் யார் என்பதே ஒளிந்திருந்தது.

இதைவிடப் பெரிய தப்பு என்னுடையது. மாணவர் எழுதியது இது: "கலங்கு உடைஞ்சிருக்கு, போன மழையிலதான்னு ஊர்ல சொல்றாங்க." நான் அதை அழகாக, 'கடந்த மழையில் கலங்கு உடைந்தது' என்று ஆக்கிவிட்டேன். பேச்சுநடையோடு சேர்ந்து 'சொல்றாங்க'வும் போயிற்று. ஊர்ப்பேச்சாக இருந்தது எங்கள் முடிவாக மாறிவிட்டது. மனு போவதற்கு முந்தின நாள் பெரியவர்தான் பிடித்தார். மாணவர் எடுத்த படத்தில், உடைப்பின் விரிசலுக்குள் கைத்தடி கனத்துக்கு ஓர் அரசங்கன்று வேர்விட்டு நின்றது. ஒரு மழைக்காலத்தில் அது அவ்வளவு வளராது. நேரில் வந்து பார்க்கும் பொறியாளர் அந்த ஒரு வரியை வைத்தே மீதியையும் நம்பாமல் போயிருப்பார்.

ராத்திரி உட்கார்ந்து நாலு பேரின் மூலப் பிரதியையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு, 'சொல்றாங்க', 'போல', 'இருக்கலாம்', 'தெரியல' வருகிற இடங்களை மட்டும் தேடினேன். பதினோரு இடம். ஏழில் என் திருத்தம் அந்தச் சொல்லைத் தின்றிருந்தது. 'என ஊரார் கூறுகின்றனர்', 'பதிவேட்டின்படி' என்று திரும்பச் சேர்த்தேன். நடை கொஞ்சம் கனத்துவிட்டது. ஆசிரியருக்கு அதில் இன்னமும் வருத்தம்தான்.