பள்ளிச் செய்திமடலில் ஓராண்டுச் சாதனைகளை எழுதுவது எப்படி?

நம் அறவாரியத்தின் உதவியைப் பெறும் தமிழ்ப்பள்ளிகள் சிலவற்றின் செய்திமடல்களுக்குக் கட்டுரை எழுதித் தரும் பணியில் நானும் பங்கு கொண்டு வருகிறேன். பெற்றோர் ஆசிரியர் சங்க ஆண்டுக் கூட்டத்தில் தலைமையாசிரியர் திரையில் காட்டும் பவர்பாயிண்ட் ஸ்லைடுகளே பெரும்பாலும் எங்கள் கைக்கு வரும் மூலப்பொருள். அவற்றை அப்படியே படியெடுத்தால் செய்திமடல் ஆகிவிடாது. ஏன் என்பதை நன்கொடை வழங்கும் அன்பர்களும் அறிந்துகொள்வது நல்லது.

ஸ்லைடு என்பது பேசுபவருக்குத் துணை. அதில் எண் மட்டும் இருக்கும். விளக்கம் தலைமையாசிரியரின் வாயில் இருக்கும். ஆகவே அவருடன் ஒரு மணி நேரம் அமர்ந்து, ஒவ்வொரு எண்ணுக்கும் மூன்று கேள்விகள் கேட்க வேண்டும். எத்தனை பேரில் எத்தனை பேர்? எதனோடு ஒப்பிட்டு? எதை வைத்து அளந்தது?

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். "மூன்றாம் ஆண்டு, தமிழ்மொழி: 75 விழுக்காட்டிலிருந்து 90 விழுக்காடு" என்று ஒரு ஸ்லைடு இருப்பதாகக் கொள்வோம். கேட்டுப் பார்த்தால், சென்ற ஆண்டு 12 மாணவரில் 9 பேர், இவ்வாண்டு 10 மாணவரில் 9 பேர் என்று தெரிய வருகிறது. தேறியவர் தொகை இரண்டு ஆண்டும் ஒன்பதுதான். மேலும், இவ்விரண்டும் வெவ்வேறு பிள்ளைகளின் வகுப்புகள். சிறிய பள்ளியில் ஒரு பிள்ளை கூடினாலும் குறைந்தாலும் விழுக்காடு பத்து தாவிவிடும்.

அடுத்தது, "தேறியவர்" என்ற சொல். யூ.பி.எஸ்.ஆர். தேர்வு 2021ஆம் ஆண்டில் நீக்கப்பட்டுவிட்டது. இன்று ஆசிரியரே ஆண்டு முழுவதும் வகுப்பறையில் மதிப்பிட்டு, ஆறு நிலைகளில் ஒன்றைக் குறிக்கிறார். மூன்றாம் நிலையும் அதற்கு மேலும் எட்டியவரே குறைந்தபட்சத் தரத்தை அடைந்தவர். பழைய தேர்வை மனத்தில் கொண்டு படிக்கும் பெற்றோர் இதனைத் தேர்வு முடிவாக எண்ணி, பக்கத்துப் பள்ளியோடு ஒப்பிடுவார்கள். ஆகவே அளவுகோல் இன்னதென்று ஒரு வரி எழுதியே ஆக வேண்டும்.

அப்படியானால் உண்மையான வளர்ச்சியை எப்படிக் காட்டுவது? அதே பிள்ளைகளைத் தொடர்ந்து பார்க்க வேண்டும். ஆண்டுத் தொடக்கத்தில் அந்தப் பத்துப் பேரில் ஐவர் மூன்றாம் நிலைக்குக் கீழே இருந்தனர். ஆண்டிறுதியில் அவர்களில் நால்வர் அதனை எட்டினர் என்றால், அதுவே செய்தி.

இங்கு ஓர் இக்கட்டு எழுகிறது. பத்துப் பேர் கொண்ட வகுப்பில் "ஒருவர் மட்டும் எட்டவில்லை" என்று அச்சிட்டால், அது யார் பிள்ளை என்பது தோட்டம் முழுவதற்கும் தெரிந்துவிடும். பெயரை மறைத்தும் பயனில்லை. இதற்காக எண்ணையே விட்டுவிட்டால் நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட இயலாது. வகுப்புகளைச் சேர்த்துச் சொல்வதே வழி. முதல் மூன்று ஆண்டு மாணவர்களையும் ஒன்றாக்கி, "31 பேரில் 27 பேர்" என எழுதினால் உண்மையும் குறையாது. எந்தப் பிள்ளையும் சுட்டப்பட மாட்டாது.

நன்கொடை ஸ்லைடுக்கும் இதே கேள்விகள் பொருந்தும். மாதிரிக் காசோலைப் படமும் "4,800 வெள்ளி" என்ற தொகையும் போதா. இரண்டு ஆசிரியர்கள், வாரம் ஒரு நாள், 30 வாரம், ஒருவருக்கு நாளொன்றுக்கு 80 வெள்ளி என்று பிரித்துச் சொன்னால் கணக்கு விளங்கும். ஆனால் "இவ்வகுப்பினால்தான் பிள்ளைகள் முன்னேறினர்" என்று எழுதலாகாது. பகல் வகுப்பு ஆசிரியரின் உழைப்பும் அதில் கலந்திருக்கிறது. இரண்டையும் பிரித்துக் காட்டச் சான்று நம்மிடம் இல்லை.

இவற்றை எல்லாம் கருதி எழுதிய பகுதி இவ்வாறு அமையும்:

"ஆசிரியர்களின் வகுப்பறை மதிப்பீட்டின்படி, முதல் மூன்று ஆண்டு மாணவர்கள் 31 பேரில் 27 பேர் தமிழ்மொழியில் குறைந்தபட்சத் தரத்தை அடைந்துள்ளனர். ஆண்டுத் தொடக்கத்தில் இவர்கள் 19 பேராக இருந்தனர். நன்கொடையாளர்கள் வழங்கிய 4,800 வெள்ளியில், இரண்டு ஆசிரியர்கள் 30 வாரம் வாசிப்பு வகுப்பு நடத்தினர். எஞ்சிய நால்வருக்கும் வகுப்பு தொடரும்."

ஐந்தாறு ஸ்லைடுகள் இந்த நான்கு வாக்கியங்களில் அடங்கிவிட்டன. அச்சுக்குப் போகுமுன் எண்களைத் தலைமையாசிரியரும், தொகையைப் பொருளாளரும் ஒருமுறை சரிபார்த்துக் கையொப்பமிடுவது நலம். உங்களுக்கு வரும் செய்திமடலில் விழுக்காடு மட்டும் காணப்பட்டால், "எத்தனை பேரில்?" என்று தயங்காமல் கேளுங்கள். பள்ளியிடம் அதற்கு விடை இருக்கும்.