கெண்டைக்காலிலிருந்து நுரையீரலுக்கு

1902 ஜனவரியில் பெர்லின் நகரில் ஓடும் டிராமிலிருந்து எண்பது வயதுக்காரர் ஒருவர் குதித்து இறங்கினார். விழுந்ததில் தொடை எலும்பு முறிந்தது. அதன் பிறகு உடம்பு தேறவே இல்லை. அந்த ஆண்டு செப்டம்பரில் இறந்துபோனார். அவர் ருடால்ஃப் விர்ஹோ, நோய்க்குறியியலின் தந்தை என்று போற்றப்படுபவர். படுக்கையில் கிடப்பவரின் கால் நாளத்தில் உறையும் ரத்தம் நுரையீரல் வரைக்கும் போய் அடைக்கும் என்று நிரூபித்துக் காட்டியவரும் அவர்தான்.

அவருடைய இளமைக் காலத்தில், பிணப் பரிசோதனையின்போது நுரையீரல் தமனியில் காணப்படும் ரத்தக்கட்டு அங்கேயே உருவானது என்றுதான் பல மருத்துவர்கள் நம்பினார்கள். விர்ஹோவுக்கு அதில் சந்தேகம். நாய்களின் கழுத்துச் சிரை வழியாக ரத்தக்கட்டையும் ரப்பர் துண்டுகளையும் செலுத்திப் பார்த்தார். அவை இதயத்தின் வலது பக்கத்தைக் கடந்து நுரையீரல் தமனியில் போய்ச் சிக்கியிருந்தன. நாளத்துக்குள் ரத்தம் உறைவது த்ரோம்போசிஸ், உறைந்தது பெயர்ந்துபோய் வேறிடத்தில் அடைப்பது எம்போலிசம் என்று அவர் வைத்த பெயர்களே இன்றும் வழங்குகின்றன. அடைபட்ட நாளத்தை நம்பியிருந்த திசு ரத்தம் இல்லாமல் மடிவது இன்ஃபார்க்‌ஷன்.

மருத்துவ மாணவர்கள் பலர் இந்த மூன்றையும் தேர்வில் மூன்று தனிக் குறிப்புகளாக எழுதிவிட்டு வருகிறார்கள். ஒன்று எப்படி அடுத்ததில் போய் முடிகிறது என்பதை எழுதாத விடை, கதையின் பாதியைத்தான் சொல்கிறது. அந்தப் பாதையைப் புரிந்துகொள்ள, எலும்பு சிகிச்சை வார்டில் வழக்கமாகக் காணக்கூடிய நோயாளி ஒருவரை எடுத்துக்கொள்ளலாம்.

குளியலறையில் வழுக்கி விழுந்து, தொடை எலும்பின் கழுத்துப் பகுதி முறிந்த எழுபது வயது அம்மா. இரண்டு நாள் அசையாமல் கிடந்த பிறகு அறுவை சிகிச்சை நடக்கிறது. ரத்தம் உறைய மூன்று காரணங்கள் உண்டு: நாளத்தின் உட்சுவரில் காயம், ரத்த ஓட்டத்தில் தேக்கம், ரத்தத்துக்கே கூடுதலாகும் உறையும் தன்மை. இதற்கு ‘விர்ஹோவின் மும்மை’ என்று பெயர். மூன்றையும் ஒன்றாகக் கோத்து அவர் பெயரைச் சூட்டியது என்னவோ பின்னால் வந்தவர்கள்தான். இந்த அம்மாவிடம் மூன்றும் ஒரே வாரத்தில் கூடிவிடுகின்றன. அறுவையின்போது காலைத் திருப்பிப் பிடிப்பதில் தொடைச் சிரை முறுக்கிக்கொள்கிறது, அதன் உட்சுவர் நோகிறது. முறிந்த எலும்பிலிருந்தும் நைந்த தசையிலிருந்தும் உறைதலைத் தூண்டும் பொருள்கள் ரத்தத்தில் கலக்கின்றன. மூன்றாவதுதான் தேக்கம். காலிலிருந்து ரத்தத்தை மேலே தள்ளுவது கெண்டைக்கால் தசை. நடக்காதவருக்கு அந்தத் தசை வேலை செய்வதில்லை.

கெண்டைக்கால் தசைக்குள் இருக்கும் ஆழ்சிரைகளின் வால்வு மடிப்புகளில்தான் பெரும்பாலும் தொடக்கம். முதலில் தட்டணுக்கள் ஒட்டுகின்றன. அவற்றின் மேல் ஃபைப்ரின் வலை பின்னிக்கொள்கிறது. வலையில் சிவப்பணுக்கள் சிக்குகின்றன. பிறகு ரத்தம் போகும் திசையிலேயே, அதாவது இதயத்தை நோக்கி, கட்டு நீள்கிறது. அதன் தலைப்பகுதி சுவரில் ஒட்டியிருக்கும். புதிதாக வளர்ந்த வால் ரத்தத்தில் ஆடிக்கொண்டிருக்கும். ஆபத்து அந்த வாலில்தான். முழங்காலுக்குக் கீழே நின்றுவிட்ட கட்டு பல நேரம் தானாகக் கரையும், அல்லது நார்த்திசுவாகி நாளச் சுவரோடு சேர்ந்துவிடும். முழங்காலைத் தாண்டித் தொடைச் சிரைக்கு ஏறிவிட்டால் கதை வேறு.

ஏழாம் நாளோ பத்தாம் நாளோ அந்த அம்மா முதல்முறையாகக் கழிவறைக்குப் போகிறார். முக்கும்போது வயிற்றுக்குள் அழுத்தம் ஏறி இறங்குகிறது, வால் அறுந்துவிடுகிறது. தொடைச் சிரை, இடுப்புச் சிரை, கீழ்ப் பெருஞ்சிரை என நாளம் மேலே போகப் போக அகலமாவதால் வழியில் எங்கும் அது சிக்குவதில்லை. இதயத்தின் வலது அறைகளையும் எளிதாகத் தாண்டிவிடுகிறது. அதற்குப் பிறகுதான் குழாய்கள் குறுகத் தொடங்குகின்றன. கால் சிரையிலிருந்து கிளம்பிய கட்டு மூளைக்குப் போகாமல் நுரையீரலில் நிற்பதற்குக் காரணம் இதுதான். விதிவிலக்கு ஒன்று உண்டு. இதயத்தின் மேலறைகளுக்கு நடுவே பிறவியிலிருந்தே மூடாத துளை இருந்தால், அந்தக் குறுக்குவழியில் இடப்பக்கம் போய்ப் பக்கவாதத்தையே உண்டாக்கலாம்.

இனி என்ன ஆகும் என்பதில்தான் பலரும் தடுமாறுகிறார்கள். நுரையீரலில் அடைப்பு என்றால் அங்கே திசு மடிந்தாக வேண்டும் என்று தோன்றும். ஆனால் பத்தில் ஒன்று அளவுக்குத்தான் அப்படி நடக்கிறது. நுரையீரலுக்கு இரண்டு ரத்த வழிகள் உண்டு. நுரையீரல் தமனி அடைபட்டாலும் மூச்சுக்குழல் தமனி திசுவுக்கு உயிர் கொடுத்துக்கொண்டிருக்கும். அதனால் சிறு கட்டுகள் பல, நோயாளிக்கே தெரியாமல் வந்து கரைந்து போகின்றன.

பெரிய கட்டு தமனி பிரியும் இடத்திலேயே சேணம்போலக் குறுக்கே உட்கார்ந்துவிட்டால் வலது இதயம் தள்ள முடியாமல் திணறி, சில நிமிடங்களில் உயிர் போய்விடலாம். அப்படி இறந்தவரின் நுரையீரலில் இன்ஃபார்க்ட் தேடினால் கிடைக்காது. திசு மடிந்து அடையாளம் காட்டுவதற்கு மணிக்கணக்கில் நேரம் வேண்டும். அதற்கு அவர் உயிரோடு இருந்திருக்க வேண்டும்.

இன்ஃபார்க்ட் வருவது இரண்டுக்கும் நடுவில். ஓரத்துக் கிளையொன்று அடைபட்டு, ஏற்கெனவே இதயமும் பலவீனமாக இருந்தால், இரண்டாவது வழியில் வரும் ரத்தம் போதாமல் போகிறது. மடிந்த பகுதி ஆப்பு வடிவில் இருக்கும். கூர்முனை அடைபட்ட நாளத்தைக் காட்டும், அகன்ற பக்கம் நுரையீரல் உறையைத் தொட்டிருக்கும். உறை புண்ணாவதால் மூச்சை இழுக்கும்போதெல்லாம் நெஞ்சில் குத்துகிறது. சளியில் ரத்தம் வருகிறது. அந்த ரத்தத்துக்கும் காரணம் இரட்டை வழிதான். மடிந்த தளர்வான திசுவுக்குள் மூச்சுக்குழல் தமனியின் ரத்தம் கசிந்து நிரம்புவதால் நுரையீரல் இன்ஃபார்க்ட் செக்கச்செவேலென்று இருக்கும். சிறுநீரகத்தில் மாற்றுவழி இல்லை, திசுவும் இறுக்கமானது. அங்கே அது வெளிறிப்போகிறது. நிறத்தை மட்டும் மனப்பாடம் செய்கிறவர்கள் இந்தக் காரணத்தை விட்டுவிடுகிறார்கள்.

இடப்பக்கத்தில் பிறக்கும் கட்டுக்கு இந்தச் சலுகைகள் கிடையாது. ருமாட்டிக் காய்ச்சலால் மைட்ரல் வால்வு சுருங்கி, இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பியவரின் இடது மேலறையில் ரத்தம் தேங்கி உறைகிறது. பெயர்ந்தால் அது பெருந்தமனி வழியே மூளைக்கோ சிறுநீரகத்துக்கோ காலுக்கோ போகும். காலில் அடைத்தால் திடீர் வலி, வெளிறல், குளிர்ச்சி, நாடி இல்லாமை. சுமார் ஆறு மணி நேரத்துக்குள் அடைப்பை எடுக்காவிட்டால் தசை மடியத் தொடங்கும். தாமஸ் ஃபோகர்ட்டி 1960களின் தொடக்கத்தில் உருவாக்கிய, நுனியில் பலூன் உள்ள மெல்லிய குழாய்தான் இன்றும் இதற்குக் கைகொடுக்கிறது. கட்டைத் தாண்டி உள்ளே விட்டு, பலூனை ஊதி, கட்டோடு சேர்த்து வெளியே இழுப்பார்கள்.

அந்த அம்மாவைக் காப்பாற்றும் வாய்ப்பு, வால் அறுவதற்கு முன்புதான் அதிகம். பாதத்தை மேலே மடக்கினால் கெண்டைக்கால் வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையை நம்ப முடியாது. டி-டைமர் ரத்தப் பரிசோதனையும் அறுவைக்குப் பிறகு எல்லோருக்குமே ஏறியிருக்கும் என்பதால் அதிகம் உதவாது. டாப்ளர் ஸ்கேன்தான் காட்டிக்கொடுக்கும். ஹெப்பாரின் கட்டு மேலும் வளராமல் தடுக்கும். கரைக்கும் வேலையை உடம்பே பார்த்துக்கொள்ளும்.

அறுவை முடிந்து படுத்திருப்பவரின் ஒரு கால் மட்டும் வீங்கினால், ‘ரத்தம் ஓடட்டும்’ என்று எண்ணெய் தேய்த்து நீவிவிடும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். உடனே டியூட்டி டாக்டரைக் கூப்பிட்டு, வீங்கிய காலைக் காட்டுங்கள்.