42 சென்ட்டா, 42 ஏரா?

அறந்தாங்கிப் பக்கம் ஒரு நன்செய் விலைக்கு வருகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊர்ப் பெரியவர் அதை "மூணு மா சொச்சம்" என்பார். வீட்டிலுள்ள பழைய பத்திரத்தில் 1 ஏக்கர் 4 சென்ட் என்று இருக்கும். இணையத்தில் எடுத்த பட்டாவில், நன்செய் என்ற தலைப்பின் கீழ் 0 - 42.00 என்று அச்சாகியிருக்கும். அதைப் பார்த்த தரகர் "42 சென்ட் விற்பனைக்கு" என்று கைபேசியில் தகவல் அனுப்பிவிடுகிறார். நான்கும் ஒரே நிலத்தைத்தான் சொல்கின்றன. முதல் மூன்றும் சரி, கடைசி தவறு. தரகரின் கணக்கில் பாதிக்கு மேற்பட்ட நிலம் காணாமல் போய்விட்டது.

நில அளவுகளில் இரண்டு குடும்பங்கள் இருப்பதுதான் இதற்குக் காரணம். ஏக்கரும் சென்ட்டும் ஒரு குடும்பம். 1620-இல் எட்மண்ட் குண்டர் என்ற ஆங்கிலேயர் 66 அடி நீளத்தில் நூறு கண்ணிகள் கொண்ட சங்கிலி ஒன்றை நில அளவைக்காக உருவாக்கினார். ஒரு சங்கிலி அகலமும் பத்துச் சங்கிலி நீளமும் கொண்ட நிலம் ஒரு ஏக்கர். அதாவது 66 அடியை 660 அடியால் பெருக்கினால் வரும் 43,560 சதுர அடி. அதில் நூறில் ஒரு பங்கு சென்ட், 435.6 சதுர அடி. பக்கத்துக்கு 21 அடி கொண்ட சதுரத்தைவிட ஒரு சிறிது குறைவு.

ஏர், ஹெக்டேர், சதுர கிலோமீட்டர் மூன்றும் மீட்டர் குடும்பம். பத்து மீட்டருக்குப் பத்து மீட்டர் ஒரு ஏர். நூறு மீட்டருக்கு நூறு மீட்டர் ஒரு ஹெக்டேர், அதில் 100 ஏர். ஆயிரம் மீட்டருக்கு ஆயிரம் மீட்டர் ஒரு சதுர கிலோமீட்டர், அதில் 100 ஹெக்டேர். இந்தக் குடும்பத்துக்குள் ஒவ்வொரு படிக்கும் புள்ளியை இரண்டு இடம் நகர்த்தினால் போதும்.

ஒரு குடும்பத்திலிருந்து மற்றதற்குத் தாண்டும்போது மட்டும்தான் பெருக்கல் வேண்டும். அதற்கு 2.471 என்ற ஒரே எண்ணை நினைவில் வைத்தால் போதும். ஒரு ஹெக்டேர் 2.471 ஏக்கர். ஏர் ஹெக்டேரில் நூறில் ஒன்று, சென்ட் ஏக்கரில் நூறில் ஒன்று என்பதால் ஒரு ஏர் 2.471 சென்ட். ஒரு சதுர கிலோமீட்டர் 247.1 ஏக்கர்.

இனி அந்தப் பட்டாவைப் படிப்போம். கோட்டுக்கு இடப்பக்கம் இருப்பது ஹெக்டேர், வலப்பக்கம் இருப்பது ஏர். 0 - 42.00 என்றால் முழு ஹெக்டேர் எதுவும் இல்லை, 42 ஏர் இருக்கிறது. 42-ஐ 2.471-ஆல் பெருக்கினால் 103.78 சென்ட் வரும். அதாவது 1 ஏக்கர் 3.78 சென்ட். பழைய பத்திரத்தின் 1 ஏக்கர் 4 சென்ட்டுடன் ஏறக்குறைய ஒத்துப்போகிறது. பெரியவரின் மா கணக்கையும் பார்க்கலாம். அறந்தாங்கி வட்டாரம் 1974-இல் புதுக்கோட்டை மாவட்டம் உருவாகும்வரை தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. தஞ்சைக் கணக்கில் 144 சதுர அடி ஒரு குழி, நூறு குழி ஒரு மா. அது 33 சென்ட்டுக்குச் சற்றுக் கூடுதல். 103.78 சென்ட்டில் மூன்று மாவும் ஒரு சொச்சமும் இருப்பதால் பெரியவர் சொன்னதும் பொய்யில்லை.

நிலம் உண்மையிலேயே 42 சென்ட்டாக இருந்தால் பட்டாவில் எப்படி இருக்கும்? 42-ஐ 2.471-ஆல் வகுத்தால் 17. ஆக, 0 - 17.00 என்று இருக்க வேண்டும். சென்ட்டும் ஏரும் இரண்டுமே நூறில் ஒரு பங்குதான். எதன் நூறில் ஒன்று என்று கேட்காமல் விடும்போதுதான் 42 ஏர் 42 சென்ட்டாகிவிடுகிறது.

இதைவிடப் பெரிய தவறு புள்ளியில் நடக்கிறது. 0 - 05.50 என்பது ஐந்தரை ஏர், ஏறத்தாழ 13.6 சென்ட். இதையே சிலர் 0.5.50 என்று எழுதுவார்கள். இன்னொருவர் அதை நகலெடுக்கும்போது நடுப்புள்ளியை விட்டுவிட்டால் 0.550 ஹெக்டேர் ஆகிவிடும். அது 136 சென்ட், பத்து மடங்கு. சரியான வடிவம் 0.0550 ஹெக்டேர். ஏர் எண் பத்துக்குக் குறைவாக இருக்கும்போது முன்னால் உள்ள பூஜ்யத்தைத் தொலைக்கக் கூடாது.

இத்தகைய தவறைப் பிடிக்க ஒரு சின்ன வழி இருக்கிறது. ஏரை நூறால் பெருக்கினால் சதுர மீட்டர் கிடைக்கும். 42 ஏர் என்றால் 4,200 சதுர மீட்டர். வயல் 60 மீட்டருக்கு 70 மீட்டர் வாக்கில் இருக்க வேண்டும். 17 ஏர் என்றால் 34 மீட்டருக்கு 50 மீட்டர். வரப்பில் நடந்து பார்த்தாலே எது என்று தெரிந்துவிடும்.

பழைய பத்திரத்துக்கும் பட்டாவுக்கும் இடையே வந்த 0.22 சென்ட் வித்தியாசம் யாரும் நிலத்தைத் திருடியதால் வந்ததல்ல. 1 ஏக்கர் 4 சென்ட் துல்லியமாக 42.09 ஏர். கிராமப் பட்டாக்களில் ஏர் எண் பெரும்பாலும் .00 அல்லது .50 என்று முடிவதைப் பார்க்கலாம். அரை ஏருக்கு முழுமையாக்கினால் 25 சதுர மீட்டர்வரை, அதாவது சுமார் 270 சதுர அடிவரை, கூடவோ குறையவோ இடமுண்டு. வித்தியாசம் அதைத் தாண்டினால்தான் சர்வேயரைக் கூப்பிட வேண்டிய விஷயம்.

வயலை விட்டுக் கடற்கரைக்குப் போனால் எண்கள் சதுர கிலோமீட்டரில் வரும். பாக் நீரிணையில் தஞ்சாவூர், புதுக்கோட்டை மாவட்டக் கடற்பகுதியைத் தமிழக அரசு 2022 செப்டம்பரில் கடற்பசு பாதுகாப்பகமாக அறிவித்தது. அதன் பரப்பு 448.34 சதுர கிலோமீட்டர். புள்ளியை இரண்டு இடம் நகர்த்தினால் 44,834 ஹெக்டேர். 2.471-ஆல் பெருக்கினால் ஏறக்குறைய 1 லட்சத்து 10 ஆயிரத்து 800 ஏக்கர்.

ஹெக்டேருக்கு இரண்டரை ஏக்கர் என்று போடும் வாய்க்கணக்கு எங்கே உதவும், எங்கே உதவாது என்பதும் இங்கே தெரியும். 42 ஏர் வயலுக்கு அது 105 சென்ட் என்று சொல்லும். ஒரு சென்ட் சொச்சம்தான் பிழை, பேச்சுக்குப் போதும். கடற்பசு பாதுகாப்பகத்துக்கு அதே கணக்கைப் போட்டால் சுமார் 1,300 ஏக்கர் கூடிவிடும். நூற்றுக்குச் சுமார் 1.2 பங்கு பிழை இரண்டிலும் ஒன்றுதான், பரப்பு பெரிதாகும்போது அதுவும் பெரிதாகிறது.

செய்திகளில் கவனிக்க வேண்டியது இன்னொன்று. "பத்து சதுர கிலோமீட்டர்" வேறு, "பத்து கிலோமீட்டர் சதுரம்" வேறு. முதலாவது 1,000 ஹெக்டேர். இரண்டாவது பக்கத்துக்குப் பத்து கிலோமீட்டர் கொண்டது, 10,000 ஹெக்டேர்.

நிலம் வாங்குபவர் முன்பணம் கொடுப்பதற்கு முன் பட்டாவின் ஏரை 2.471-ஆல் பெருக்கிப் பார்த்துவிட வேண்டும். ஒப்பந்தத்தில் வெறும் 42 என்று எழுத விடாமல், "42 ஏர், அதாவது 1 ஏக்கர் 3.78 சென்ட்" என்று இரண்டு அளவையும் அவற்றின் பெயரோடு எழுதச் சொல்லுங்கள்.